சந்தைக்கலவை மாதிரிகளில் பன்முக நேர்கோட்டுறவு

பன்முக நேர்கோட்டுறவு (மல்ட்டிகாலினியாரிட்டி) என்பது, ஒரு ரிக்ரெஷன் மாதிரியின் உள்ளீட்டு மாறிகள் சேர்ந்தே ஏறி இறங்குவதால் அவற்றின் தனித்தனி விளைவைப் பிரித்தறிய முடியாமல் போகும் நிலை. சந்தைக்கலவை மாதிரியில் விற்பனையை ஒவ்வொரு விளம்பர ஊடகத்தின் செலவோடும் பொருத்துவார்கள். கோடையில் டிவிக்கும் டிஜிட்டலுக்கும் ஒன்றாகச் செலவைக் கூட்டி, மழைக்காலத்தில் ஒன்றாகக் குறைக்கும் குளிர்பான நிறுவனத்துக்கு இச்சிக்கல் தவறாமல் வரும்.

வரலாறு

இப்பெயரை வழங்கியவர் நார்வேப் பொருளியலாளர் ராக்னர் ஃபிரிஷ். 1934இல் ஆஸ்லோவில் வெளியிட்ட நூலில், பொருளாதார மாறிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கையில் கெழுக்கள் பொருளற்றுப் போகும் என்று காட்டினார். மாறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கெழுக்கள் எப்படி அலைகின்றன என்று வரைபடத்தில் பார்ப்பது அவர் முறை. 1969இல் முதன்முதலாக வழங்கப்பட்ட பொருளியல் நோபல் பரிசை யான் டின்பெர்கனுடன் பகிர்ந்துகொண்டவரும் இவரே. இச்சிக்கலைச் சமாளிக்க 1970இல் ஹோர்ல், கென்னார்ட் இருவரும் ரிட்ஜ் ரிக்ரெஷனை முன்வைத்தனர்.

கண்டறிதல்

ஒரு மாறியை மற்ற மாறிகளால் கணித்து வரும் R²இலிருந்து VIF = 1/(1−R²) பெறப்படும். டிவி, டிஜிட்டல் செலவுகளின் ஒட்டுறவு 0.95 என்றால் R² 0.9025, VIF ஏறத்தாழ 10.3, கெழுவின் திட்டப்பிழை 3.2 மடங்காகப் பெருகும். VIF 10ஐத் தாண்டினால் சிக்கல் உண்டு என்று கொள்வது வழக்கம்.

கற்பனைக் கணக்கொன்று: முழுத் தரவில் டிவியின் கெழு 3.0, டிஜிட்டலின் கெழு 0.2. ஆறு வாரங்களை நீக்கிப் பொருத்தினால் அவை 0.4, 2.7 என்று இடம் மாறுகின்றன. கூட்டுத்தொகையோ 3.2இலிருந்து 3.1 ஆக மட்டுமே நகர்கிறது. இரண்டும் சேர்ந்து எவ்வளவு விற்றன என்பது தரவுக்குத் தெரியும். யார் பங்கு எவ்வளவு என்பதுதான் தெரியாது. விற்பனைக் கணிப்பு சரியாக இருந்தும் செலவைப் பங்கிடும் முடிவு தவறுவது இதனால்தான்.

கையாளும் வழிகள்

ஒரு மாறியை நீக்கினால் அதன் விளைவு மற்றதன் கணக்கில் ஏறிவிடும், இது தீர்வாகாது. பங்கு தேவையில்லையென்றால் இரண்டையும் கூட்டி ஒரே மாறியாக்கலாம்.

ரிட்ஜ் முறை பெரிய கெழுக்களுக்குத் தண்டம் விதிக்கிறது. மேற்கண்ட 3.0, 0.2 இரண்டும் ஒரே அளவுகோலில் தரப்படுத்தப்பட்டவை எனக் கொண்டு 0.1 தண்டம் விதித்தால், கூட்டுத்தொகை 5 விழுக்காடே குறையும்; வேறுபாடோ மூன்றில் ஒரு பங்காகும். விடை ஏறத்தாழ 2.0, 1.05. எண்கள் அலையாமல் நிற்கும். ஆனால் சமத்தை நோக்கிய இந்த நகர்வு தண்டத்திலிருந்து வந்தது, தரவிலிருந்து அல்ல.

பேய்ஸிய முறையில் முன்னறிவை மாதிரிக்குள் செலுத்தலாம். முன்பரவலும் பின்பரவலும் ஒன்றாகவே இருந்தால் தரவு எதுவும் சொல்லவில்லை என்று பொருள்.

உண்மையான தீர்வு செலவுகளின் ஒட்டுறவை உடைப்பதே: சில மாவட்டங்களில் மட்டும் சில வாரங்கள் டிஜிட்டலை நிறுத்தி, மற்ற மாவட்டங்களோடு விற்பனையை ஒப்பிட வேண்டும். அப்படிக் கிடைக்கும் விளைவையே முன்பரவலாக்கலாம்.

இன்றைய நிலை

சந்தைக்கலவை மாதிரிக் கருவிகளில் மெட்டாவின் ராபின் ரிட்ஜையும், கூகுளின் மெரிடியன் பேய்ஸிய முறையையும் பயன்படுத்துகின்றன.