வளையம் எண்ணுவதா, கார்பன் அளப்பதா?

பழைய துணியையும் பழைய மரத்தையும் ஒரே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, இரண்டுக்கும் ஒரே முறையில் வயது கேட்பவர்கள் உண்டு. ஆனால் அவை சொல்லும் வயதின் பொருள் வேறு. ஆளிச் செடி ஒரே பருவத்தில் முளைத்து வளர்ந்து அறுவடையாகிறது. அதன் நாரில் உள்ள கார்பன்-14 அந்த ஒரு பருவத்துக் காற்றிலிருந்து வந்தது. ஆகவே லினன் துணியின் கார்பன் வயதும் துணி நெய்த காலமும் பெரும்பாலும் அடுத்தடுத்தே இருக்கும். மரம் அப்படியல்ல. இருநூறு வயது மரத்தின் நடு வைரத்திலிருந்து சிராய் எடுத்தால், அது வெட்டிய ஆண்டைச் சொல்லாது. அந்த வளையம் வளர்ந்த ஆண்டைத்தான் சொல்லும். விட்டம் செய்த தச்சர் பிறப்பதற்கு வெகுகாலம் முந்தைய விடை வந்தாலும், அளவீட்டில் பிழை இருக்காது.

துணிக்கு வளையமே இல்லை என்பதால் கார்பன்தான் வழி. டூரின் சவத்துணியின் ஓரத்திலிருந்து 1988-இல் சிறு துண்டு வெட்டி, அரிசோனா, ஆக்ஸ்போர்டு, சூரிக் ஆகிய மூன்று கூடங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மூன்றும் சேர்ந்து 1260 முதல் 1390 வரை என்ற காலத்தைச் சொன்னபோது, அது முதல் நூற்றாண்டுத் துணியா என்ற கேள்விக்கு அந்த விடை போதுமானதாக இருந்தது. முடுக்கி நிறைமானியில் அளக்க இன்று சில பத்து மில்லிகிராம் துணி போதும். கட்டணம் மாதிரி ஒன்றுக்குச் சில நூறு டாலர், அதாவது பல்லாயிரம் ரூபாய்.

அந்தப் பணம் வீணாகும் இடங்களும் தெரிய வேண்டும். முதலாவது, அழுக்கு. பாதுகாப்புக்காகப் பூசிய பாரஃபின் மெழுகும் செயற்கைப் பசையும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. அவற்றில் கார்பன்-14 கிடையாது. கழுவிய பிறகும் அத்தகைய கார்பன் ஒரு சதவீதம் தங்கிவிட்டால் விடை சுமார் 80 ஆண்டு முதுமை கூட்டிச் சொல்லும். அருங்காட்சியகத்தில் எப்போது, எதைப் பூசினார்கள் என்ற குறிப்பைக் கேட்டு வாங்காமல் மாதிரி அனுப்பக் கூடாது.

இரண்டாவது, காலம். ஏறத்தாழ 1650 முதல் 1950 வரை காற்றில் கார்பன்-14 அளவு ஏறியிறங்கியதால், அந்த முன்னூறு ஆண்டுக்குள் எந்தப் பொருளை அளந்தாலும் விடை இரண்டு மூன்று துண்டுகளாகச் சிதறும். பாட்டியின் பட்டுச் சேலையோ செட்டிநாட்டு வீட்டின் பர்மாத் தேக்குத் தூணோ 1880-ஐச் சேர்ந்ததா 1910-ஐச் சேர்ந்ததா என்று அறிய இதில் செலவிட நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஒரே விதிவிலக்கு போலி. அணுகுண்டுச் சோதனைகள் 1950-களின் நடுவிலிருந்து காற்றில் கார்பன்-14-ஐ மிகுதியாக்கின. அந்த மிகுதி தெரிந்தால், பழையது என்று விற்கப்படும் துணி அதற்குப் பிறகு நெய்தது என்று உறுதி.

கார்பன் தடுமாறும் அந்த முன்னூறு ஆண்டுகளில் மரவளையம் தெளிவாகப் பேசும். ஸ்ட்ராடிவாரி செய்ததாகக் கருதப்படும் ‘மெசையா’ வயலின் உண்மையா என்ற சர்ச்சை எழுந்தபோது, அதன் ஸ்ப்ரூஸ் மேற்பலகையின் வளையங்களை, துளிச் சிராயும் எடுக்காமல், ஆல்ப்ஸ் மர வரிசைகளோடு ஒப்பிட்டார்கள். கடைசி வளையம் 1680-களில் வந்து நின்றது. வயலினில் உள்ள ஆண்டு 1716, இரண்டும் முரண்படவில்லை. ஆனால் இந்த ஆய்வு, பலகை அந்தக் கடைசி வளையத்துக்கு முன்பு வெட்டப்படவில்லை என்று மட்டுமே சொல்லும். யார் இழைத்தார் என்பதைச் சொல்லாது.

இதன் செலவு பெரும்பாலும் வல்லுநரின் நேரமும் பயணமும்தான். ஒரு கட்டடத்தில் வெவ்வேறு விட்டங்களிலிருந்து பல உள்ளகங்களைத் துளைத்தெடுப்பது வழக்கம், ஏனென்றால் சில பொருந்தாமலே போகும். ஒரு மரத்தில் ஐம்பதுக்குக் குறைந்த வளையங்கள் இருந்தால் பொருத்தம் நம்பத்தக்கதல்ல. அந்த வட்டாரத்து, அந்த மரவகைக்குரிய வரிசை முன்பே தயாராக இல்லையென்றால் வேலையே தொடங்காது. நம்மூரில் பெரும்பாலான மரங்கள் தெளிவான ஆண்டு வளையம் இடுவதில்லை, தேக்கு இடும். அதனால்தான் இங்கே இம்முறை தேக்கையே சுற்றி வருகிறது. பட்டையோடு சேர்ந்த விளிம்பும் வேண்டும். இங்கிலாந்து ஓக்கில் வைரத்துக்கு வெளியே இருக்கும் வெள்ளை மரம் 9 முதல் 41 வளையம் வரை இருக்கலாம். தச்சர் அதைச் செதுக்கி எறிந்திருந்தால் வெட்டிய ஆண்டு அத்தனை அகலமாகிவிடும்.

இந்த இரு முறைகளும் கைகோத்தது நியூஃபவுண்ட்லாந்தின் லான்ஸ் ஓ மெடோஸில். அங்கே நார்ஸ் மக்கள் தங்கியது ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டை ஒட்டி என்பதற்கு மேல் பழைய கார்பன் அளவீடுகள் சொல்லவில்லை. 993-இல் விண்கதிர் வெடிப்பொன்றால் உலகெங்கும் கார்பன்-14 திடீரென எகிறியதை ஜப்பானிய ஆய்வாளர் ஃபுஸா மியாகே குழு மரங்களில் கண்டறிந்திருந்தது. உலோகக் கருவி வெட்டிய தடம் பதிந்த மூன்று மரத்துண்டுகளில், வளையம் வளையமாகப் பிரித்து அளந்து அந்த எகிறலைத் தேடினார்கள். அங்கிருந்து பட்டை வரை 28 வளையங்கள். மூன்று வெவ்வேறு மரங்களும் 1021-இல் வெட்டப்பட்டவை. ஒவ்வொரு வளையத்துக்கும் தனி அளவீடு, தனிச் செலவு. விளிம்பில் பட்டை இல்லாத துண்டுக்கு இத்தனை செலவிட்டிருந்தாலும் வெட்டிய ஆண்டு கிடைத்திருக்காது.