வேலூர்க் கோட்டையும் ஒரு மதிப்பெண் தாளும்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினாள். இப்போது அவளும் ஆசிரியை, ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறாள். "சார், வகுப்புல ஒரு விவாதம் நடத்தணும். நீங்க பின்னாடி ஒரு மார்க் தாள் வச்சிருந்தீங்கன்னு எனக்கு அடுத்த செட் பசங்க சொன்னாங்க. அது எப்படின்னு சொல்லுங்க" என்றாள். சொல்லி முடித்ததும் சிரித்துக்கொண்டே, "அன்னைக்கே அந்தத் தாள் இருந்திருந்தா எங்க அணிதான் சார் ஜெயிச்சிருக்கும்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. அவளுக்குச் சொன்ன பதிலையே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் வேலூர்ப் புரட்சிப் பாடம் நடத்தியபோது, "1806 வேலூர்ப் புரட்சிக்கு முதன்மைக் காரணம் புதிய தலைப்பாகை உத்தரவே" என்று தலைப்புக் கொடுத்து இரண்டு அணியாகப் பேசச் சொன்னேன். ஒரு அணி 'ஆம்' என்றது. மற்ற அணி, 'இல்லை, கோட்டைக்குள் இருந்த திப்பு சுல்தான் குடும்பத்தாரின் தூண்டுதலே' என்றது. எனக்குத் தெரிந்தது பட்டிமன்றம்தான். நடுவர் நாற்காலியில் நானே உட்கார்ந்துகொண்டேன்.

திப்பு அணியில் கணீர்க் குரலில் ஒரு பையன். "திப்புவின் மைந்தர்கள் ஆயிரக்கணக்கான சிப்பாய்களைக் காசு கொடுத்து வாங்கினார்கள்" என்று முழங்கினான். வகுப்பே கை தட்டியது. அந்த ஆயிரக்கணக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. தலைப்பாகை அணியில் இந்தப் பெண் எழுந்தாள். நூலகத்துப் பழைய புத்தகம் ஒன்றிலிருந்து குறித்து வந்த சீட்டைப் பார்த்து, "அதே வருஷம் ஹைதராபாத்திலும் தலைப்பாகைக்காகச் சிப்பாய்கள் முரண்டு பிடித்தார்கள். அங்கே திப்பு குடும்பம் இல்லையே" என்று மெல்லிய குரலில் சொன்னாள். முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அன்றைய விவாதத்திலேயே கனமான ஆதாரம் அதுதான். நான் கணீர்க் குரலுக்குப் பரிசு கொடுத்தேன். அவள் அந்தச் சீட்டை மடித்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அடுத்த ஆண்டிலிருந்து முறையை மாற்றினேன். அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் யார் யாருக்கு என்ன வேலை என்பது. நாற்பது பேர் வகுப்பென்றால் அணிக்கு நான்கு பேர். முதல் ஆள் தன் அணியின் நிலையைச் சொல்வார். இரண்டாம் ஆள் ஆதாரங்களை வைப்பார். மூன்றாம் ஆள் எதிரணி சொன்னதற்கு மட்டும் மறுப்புச் சொல்வார். நான்காம் ஆள் தொகுத்து முடிப்பார், புதிய ஆதாரம் எதையும் கொண்டுவரக் கூடாது. கடைசி நிமிடத்தில் வரும் ஆதாரத்துக்கு எதிரணி பதில் சொல்ல வழியில்லை, அதனால்தான் இந்த விதி. அவைத் தலைவர் ஒருவர், நேரம் பார்ப்பவர் ஒருவர், மதிப்பிடுவோர் மூவர், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆதாரம் சரிபார்ப்போர் இருவர். மீதி எல்லோரும் ஆளுக்கொரு கேள்வி எழுதிக் கொடுக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து கை தட்டும் வேலை யாருக்கும் கிடையாது.

எந்த அணி எந்தப் பக்கம் என்பதை முந்தைய நாள்தான் சீட்டுக் குலுக்கிச் சொல்வேன். அதுவரை இரு அணியும் இரு பக்கத்துக்கும் தயாரிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தின் நல்ல ஆதாரத்தைத் தானே தேடி எடுத்த பிள்ளை, மறுநாள் அதைக் கேட்டுக் கோபப்படுவதில்லை, பதில் யோசித்து வைத்திருக்கும்.

45 நிமிடப் பீரியடில் இது அடங்கும். முதல் மூன்று பேருக்கும் தலா 3 நிமிடம், முடிப்பவருக்கு 2 நிமிடம். இரண்டு அணிக்கும் சேர்த்து 22 நிமிடம். ஆதாரம் வைத்து முடித்ததும் 3 நிமிட இடைவெளி கட்டாயம். அதை விட்டால் மறுப்புச் சொல்பவன் வீட்டில் எழுதி வந்ததையே ஒப்பிப்பான். மறுப்பு முடிந்ததும் வகுப்பின் கேள்விகளுக்கு 6 நிமிடம், பிறகு முடிவுரை. மதிப்பிட 4 நிமிடம். மீதிப் பத்து நிமிடம் எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது ஆதாரத்துக்கான விதிகள். மூன்றே மூன்றுதான்.

ஒன்று, சீட்டு இல்லாத ஆதாரம் செல்லாது. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று சீட்டில் இருக்க வேண்டும். சரிபார்ப்போர் அதைப் பார்த்துத் தலையசைத்தால்தான் கணக்கில் வரும். அந்தப் பையனின் 'ஆயிரக்கணக்கு' இந்த வாசலிலேயே நின்றிருக்கும்.

இரண்டு, நடந்தது வேறு, நாம் ஊகிப்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். 1806 ஜூலை 9 அன்று திப்புவின் மகளுக்குக் கோட்டைக்குள் கல்யாணம். அது நடந்தது. மறுநாள் விடிவதற்குள் புரட்சி வெடித்தது. அதுவும் நடந்தது. 'அந்தக் கல்யாணக் கூட்டத்தைச் சாக்காக வைத்துத் திட்டம் போட்டார்கள்' என்பது ஊகம். ஊகம் தப்பில்லை, அதை ஊகம் என்று சொல்லிவிட்டுப் பேச வேண்டும். புலிக்கொடி ஏறியதும் அப்படித்தான். கொடி ஏறியது நடந்தது. ஆனால் அது ஏறியது சண்டை தொடங்கிய பிறகு. புரட்சிக்காரர்கள் யாரைத் தலைவராக நினைத்தார்கள் என்பதை அது காட்டும். எதனால் கிளம்பினார்கள் என்பதைக் காட்டுமா? மறுப்புச் சொல்பவர் பிடிக்க வேண்டிய இடம் இதுதான்.

மூன்று, சொன்னவர் யார், அப்படிச் சொன்னால் அவருக்கு என்ன லாபம் என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் உண்மையில் வரலாறு கற்றது இந்த விதியில்தான். புதிய தலைப்பாகை தொப்பி மாதிரி இருந்தது, அதில் தோல் பட்டையும் இருந்தது. நெற்றிக் குறி கூடாது, காதணி கூடாது, தாடியைச் சீராக்க வேண்டும் என்று சென்னைப் படைத்தளபதி ஜான் கிரடாக் காலத்தில் உத்தரவு போட்டார்கள். கவர்னர் வில்லியம் பெண்டிங். 'தலைப்பாகைதான் காரணம்' என்றால் பழி உத்தரவு போட்டவர்கள் தலையில் விழும். 'திப்பு குடும்பம்தான் காரணம்' என்றால் பழி அவர்களை விட்டு வெளியே போகும். ஆகவே ஒரு அதிகாரி அரண்மனையைக் கைகாட்டி எழுதியிருந்தால், அவர் இதில் எந்தப் பக்கம் நின்றவர் என்று பார்த்துவிட்டுத்தான் எடைபோட வேண்டும். பொய் என்று தள்ளிவிடச் சொல்லவில்லை. கடைசியில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள், கிரடாக், பெண்டிங் இருவரையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. திப்பு குடும்பத்தையும் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பாருங்கள், ஆங்கிலேயர் இரண்டு காரணத்துக்கும் சேர்த்தே மருந்து போட்டிருக்கிறார்கள். இதை எடுத்துச் சொன்ன அணிக்கு நான் மனதார மதிப்பெண் கொடுத்தேன்.

இப்போது அந்தத் தாள். மொத்தம் 20 மதிப்பெண். ஆதாரத்துக்கு 8, மறுப்புக்கு 6, நேரமும் ஒழுங்கும் 3, பேச்சுக்கு 3. பேச்சுக்கு 10 கொடுத்தால் பேச்சுப் போட்டிக்குப் பழகிய பிள்ளையே எப்போதும் ஜெயிக்கும். 3 மட்டும் என்றதும் மெல்லிய குரலுக்கும் இடம் வந்தது. குரல் எட்டாவிட்டால் அவைத் தலைவர் "இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்கலாம், அந்த நேரம் கணக்கில் சேராது.

மதிப்பிடுவோர் ஒவ்வொரு பேச்சும் முடிந்த உடனே அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். கடைசியில் மொத்தமாகப் போட்டால் கடைசியாகப் பேசியவர்தான் மனதில் நிற்பார். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் 'எந்த ஆதாரம்' என்று ஒரு வரி எழுத வேண்டும். இரு அணிக்கும் எல்லாக் கட்டத்திலும் ஒரே எண் இருந்தால், அல்லது அந்த ஒரு வரி காலியாக இருந்தால், அவர் கவனிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு சங்கதியை நான் சூடுபட்டுத்தான் கற்றேன். மூன்று தாளின் மதிப்பெண்களையும் கூட்டக் கூடாது. ஒரு தடவை முதல் தாளில் 15–14, இரண்டாவதில் 14–13. இரண்டுமே தலைப்பாகை அணிக்குச் சாதகம். மூன்றாவது தாளில் 8–18. கூட்டினால் 37–45, திப்பு அணி வெற்றி. மூன்று பேரில் இரண்டு பேர் தலைப்பாகை அணி என்று சொல்லியும், தாராளக் கை ஒன்று முடிவையே புரட்டிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தாளுக்கு ஒரு ஓட்டு என்று வைத்தேன். அந்த 8–18 தாளைப் போட்டவன் எதிரணித் தலைவனோடு பேசுவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கூட்டாமல் விட்டாலே அந்தக் கோபத்துக்கு வேலை இல்லாமல் போகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தத் தலைப்பில் பேச்சு சுலபமாக மதத்தின் பக்கம் சாயும். ஒரு முறை ஒரு பையன் பக்கத்து பெஞ்சைப் பார்த்து "உங்க ஆளுங்க" என்று ஆரம்பித்தான். அங்கேயே நிறுத்தினேன். அன்றிலிருந்து, 1806-இல் இருந்தவர்களைப் பற்றி மட்டுமே பேசலாம், வகுப்பில் இருப்பவர்களைப் பற்றிப் பேசினால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று விதி வைத்தேன். நெற்றிக் குறி வைத்தவரும் தாடி வைத்தவரும் ஒரே உத்தரவால்தான் புண்பட்டார்கள், சேர்ந்துதான் எழுந்தார்கள் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு வருகிறேன். யார் ஜெயித்தார்கள் என்று சொன்ன பிறகு, எல்லோரும் அணியை மறந்துவிட்டு இரண்டு வரி எழுத வேண்டும். இப்போது என் கருத்து என்ன? எந்தச் சீட்டு என்னை மாற்றியது? பின்னர் நாலைந்து பேர் வாசிப்பார்கள். விவாதத்தில் ஜெயித்த அணி சொன்னதுதான் வரலாறு என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. உத்தரவு மூட்டிய நெருப்பு, கோட்டைக்குள் இருந்த குடும்பம் காட்டிய திசை என்று இரண்டையும் சேர்த்து எழுதிய பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் இருந்தார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அம்மா, அன்னைக்கு நான் கொடுத்த தீர்ப்பு தப்பு. உன் சீட்டுக்குத்தான் பரிசு போயிருக்கணும்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சார், எங்க வகுப்புல ஒரு பொண்ணு இருக்கா. வாயே திறக்க மாட்டா. அவளை மறுப்புச் சொல்ல வைக்கப் போறேன்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விவாதமாம். மூன்று தாளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்