ரபீஉல் அவ்வல் பிறை 12: தேதியும் விழாவும் கருத்து வேறுபாடும்



ரபீஉல் அவ்வல் பிறை தென்பட்டவுடன் சில மஹல்லாக்களில் மவ்லிது மஜ்லிஸ்கள் தொடங்குகின்றன. வேறு சில மஹல்லாக்களில் அம்மாதம் மற்ற மாதங்களைப் போலவே கடந்து செல்கிறது. ஒரே குடும்பத்தில் அண்ணன் வீட்டில் நேர்ச்சைச் சோறு ஆக்கப்படுகிறது. தம்பியோ அதை பித்அத் என்று கூறி ஒதுங்கிக் கொள்கிறார். இந்த வேறுபாடு நேற்று நம் ஊரில் தோன்றியதன்று. எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும் அறிஞர்களிடையே நடந்து வருவது. அதன் வரலாற்றை அறிந்தோர் நம்மில் குறைவு என்பதால் இச்சிறு கட்டுரை.

முதலில் தேதியைப் பார்ப்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திங்கட்கிழமை பிறந்தார்கள் என்பதில் ஐயமில்லை. திங்கட்கிழமை நோன்பு பற்றிக் கேட்கப்பட்டபோது, அது தாம் பிறந்த நாள் என்று அவர்களே விளக்கியதை அபூ கத்தாதா (ரலி) அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆண்டு, யானை ஆண்டு என்பதே பெரும்பாலோர் கருத்து. பிறை எத்தனை என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் பிறை 12 என்றார். அதுவே பரவலாக நிலைத்தது. பிறை 2 என்றோரும், 8 என்றோரும், 10 என்றோரும் முற்காலத்திலேயே உண்டு. ஷியாக்களில் பெரும்பாலோர் 17 என்பர். ஆயினும் அவர்களுடைய மிகப் பழைய ஹதீஸ் தொகுப்பாளர்களுள் ஒருவரான குலைனீ 12 என்றே எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது.

1858இல் எகிப்திய வானியல் அறிஞர் மஹ்மூத் பாஷா ஒரு கணக்கீட்டை வெளியிட்டார். நபியவர்களின் மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை நிலையான புள்ளியாகக் கொண்டு பின்னோக்கி எண்ணி, பிறந்த நாள் 571 ஏப்ரல் 20 திங்கட்கிழமை, ரபீஉல் அவ்வல் பிறை 9 என முடிவு செய்தார். ‘அர்ரஹீக்குல் மக்தூம்’ நூலில் நம் வாசகர்கள் பார்த்திருக்கும் பிறை 9 இக்கணக்கைச் சார்ந்ததே. அக்கணக்கின்படி அம்மாதம் ஞாயிறன்று தொடங்கியது. ஆகவே திங்கட்கிழமைகள் 2, 9, 16 ஆகிய பிறைகளில் வரும். மாதம் ஒரு நாள் தாமதமாகத் தொடங்கியதாகக் கொண்டால் 8 பொருந்தும். 12 எவ்வகையிலும் திங்களாகாது. ஆனால் இக்கணக்கையும் இறுதி என்று கொள்வதற்கில்லை. இஸ்லாத்துக்கு முன்னர் அரபியர் மாதங்களை முன்பின்னாகத் தள்ளிவைக்கும் வழக்கம் கொண்டிருந்தனர். அது குர்ஆனில் கண்டிக்கப்பட்டது. அத்தகைய தள்ளிவைப்பு நடந்த காலத்துக்கு இன்றைய சீரான நாட்காட்டியைப் பின்னோக்கி நீட்டும்போது, மாதத்தின் பெயரே மாறிவிட வாய்ப்புண்டு.

மறைவின் தேதி இன்னும் நுட்பமானது. ஹிஜ்ரி 11, ரபீஉல் அவ்வல் 12, திங்கள் என்பதே பிரபலம். வடநாட்டு உர்து பேசும் மக்கள் இந்நாளை ‘பாரா வஃபாத்’ என அழைத்ததும் இதனால்தான். ‘பாரா’ என்றால் பன்னிரண்டு, ‘வஃபாத்’ என்றால் மறைவு. ஆனால் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சுஹைலீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 581) ஒரு கேள்வியை எழுப்பினார். நபியவர்களின் இறுதி ஹஜ்ஜில் அரஃபா நாள் வெள்ளிக்கிழமை. இதில் கருத்து வேறுபாடில்லை. துல்ஹஜ் 9 வெள்ளி எனில் துல்ஹஜ் முதல் பிறை வியாழன். இனி துல்ஹஜ், முஹர்ரம், ஸஃபர் ஆகிய மூன்று மாதங்களும் முப்பது நாட்களாக இருந்தால் ரபீஉல் அவ்வல் புதனன்று தொடங்கும். பிறை 12 ஞாயிறு. ஒரு மாதம் மட்டும் 29 எனில் 12 சனி. இரண்டு மாதங்கள் 29 எனில் வெள்ளி. மூன்றும் 29 எனில் வியாழன். எப்படிக் கணக்கிட்டாலும் திங்கள் வருவதில்லை! வாசகர்கள் விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கு இப்னு கஸீர் (ரஹ்) ஒரு விடையைத் தெரிவிக்கிறார். மக்காவில் துல்ஹஜ் பிறை ஓர் இரவு முன்னதாகவும் மதீனாவில் ஓர் இரவு பின்னதாகவும் காணப்பட்டிருக்கலாம். மதீனாவில் மாதம் வெள்ளியன்று தொடங்கி, மூன்று மாதங்களும் முழுமையாக முப்பது நாட்களாயின், ரபீஉல் அவ்வல் வியாழனன்று தொடங்கிப் பிறை 12 திங்களாகிவிடும். பிறை ஊருக்கு ஊர் மாறுபடும் வழக்கு அன்றே ஒரு சிக்கலை அவிழ்க்கப் பயன்பட்டிருக்கிறது. நம் காலத்தில் அது சிக்கலை உண்டாக்கவே பயன்படுவது வேறு கதை.

இனி விழாவுக்கு வருவோம். ஸஹாபாக்களும் அவர்களை அடுத்த தலைமுறையினரும் இந்நாளை ஆண்டு விழாவாகக் கொண்டாடியதாகச் செய்தி இல்லை. இதை மவ்லிதை ஆதரித்த இமாம்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அரசு விழாவாக இது முதலில் காணப்படுவது கெய்ரோவில், ஃபாத்திமி கலீஃபாக்களின் அரண்மனையில். அவர்கள் இஸ்மாயிலி ஷியாக்கள். நபியவர்கள், அலீ (ரலி), ஃபாத்திமா (ரலி), ஹஸன், ஹுஸைன் (ரலி) ஆகியோரின் பிறந்த நாட்களுடன் ஆட்சியிலிருந்த கலீஃபாவின் பிறந்த நாளையும் சேர்த்தே கொண்டாடினர். அமைச்சர் அஃப்தல் அவற்றை நிறுத்தினார். அவருக்குப் பின் வந்த அமைச்சர் ஹிஜ்ரி 517ஐ ஒட்டி மீண்டும் தொடங்கினார். இனிப்பு வழங்கலும் சொற்பொழிவும் அரண்மனை அதிகாரிகளின் அணிவகுப்புமாக நடந்த இது, பெரும்பாலும் அரசவைச் சடங்காகவே இருந்தது.

மக்கள் திரளும் விழாவாக இதை ஆக்கியவர் இராக்கின் இர்பில் நகரை ஆண்ட முழஃப்ஃபருத்தீன் கோக்புரி. இவர் சுன்னத் வல் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் படைத்தளபதி. அவருடைய சகோதரியின் கணவர். மோஸுல் நகரில் உமர் அல்மல்லா என்ற நல்லடியார் முன்னரே இதை நடத்தி வந்ததாகவும், அவரைப் பின்பற்றியே கோக்புரி நடத்தியதாகவும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ஆசிரியரான அபூ ஷாமா (ரஹ்) எழுதுகிறார்.

இர்பிலில் பிறந்து வளர்ந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் தம் ஊர் விழாவை விரிவாக வருணித்திருக்கிறார். பக்தாத், மோஸுல், ஸின்ஜார், நஸீபைன் ஆகிய ஊர்களிலிருந்து அறிஞர்களும் ஸூஃபிகளும் சொற்பொழிவாளர்களும் முஹர்ரம் முதலே வந்து சேரத் தொடங்குவார்கள். பல அடுக்குகள் கொண்ட மரக் கூடாரங்கள் இருபதுக்கு மேல் எழுப்பப்பட்டு, ஸஃபர் மாதத் தொடக்கத்திலேயே அலங்கரிக்கப்படும். ஒவ்வொன்றிலும் பாடகர்களும் நிழற்கூத்தாட்டுவோரும் இருப்பர். அரசர் அஸருக்குப் பின் ஒவ்வொரு கூடாரமாகச் சென்று நின்று பார்ப்பார். விழாவுக்கு இரு நாட்களுக்கு முன் ஒட்டகங்களும் மாடுகளும் ஆடுகளும் முரசொலியுடன் மைதானத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு அறுக்கப்படும். மீலாது இரவில் மெழுகுவர்த்தி ஊர்வலம். மறுநாள் உபதேசமும், ஏழைகளுக்கும் மற்றவர்களுக்கும் விருந்தும்.

இவ்வருணனையில் ஒரு செய்தி நமக்கு மிக முக்கியமானது. கோக்புரி ஓர் ஆண்டு பிறை 8இலும் மறு ஆண்டு பிறை 12இலும் விழா எடுத்தார். தேதியில் கருத்து வேறுபாடு இருந்ததே காரணம் என்கிறார் இப்னு கல்லிகான். விழாவைப் பெரிதாக்கிய மன்னரே 12ஐ உறுதியாகப் பற்றிக்கொள்ளவில்லை.

செலவு பெரிது. ஐயாயிரம் ஆடுகள், பத்தாயிரம் கோழிகள் என்றெல்லாம் விருந்துக் கணக்கு சொல்லப்படுகிறது. எண்ணியவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. அதே மன்னர் முரட்டுப் பருத்திச் சட்டை அணிந்ததையும், மனைவி கடிந்துகொண்டபோது, ஐந்து திர்ஹம் சட்டை அணிந்து எஞ்சியதைத் தர்மம் செய்வதே மேல் என்று அவர் கூறியதையும் வரலாறு பதிவு செய்திருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்த அறிஞர் இப்னு திஹ்யா ஹிஜ்ரி 604இல் இர்பிலில் இவ்விழாவைக் கண்டு, நபியவர்களின் பிறப்பைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். மன்னர் அவருக்கு ஆயிரம் தீனார் வழங்கினார்.

விழா பரவியது, எதிர்ப்பும் எழுந்தது. மாலிகி மத்ஹபைச் சேர்ந்த தாஜுத்தீன் ஃபாகிஹானி (ரஹ்) இதற்குக் குர்ஆனிலோ சுன்னாவிலோ ஆதாரமில்லை என்று தனி நூல் எழுதினார். அதில் அவர் வைத்த ஒரு வாதம் கூர்மையானது: நபியவர்கள் பிறந்த அதே மாதத்தில்தான் மறைந்தார்கள், அவ்வாறிருக்க, அம்மாதத்தில் துக்கத்தை விட மகிழ்ச்சி எவ்வாறு முன்னுரிமை பெறும்? அவர் காலத்தவரான இப்னுல் ஹாஜ் (ரஹ்), இசைக்கருவிகளும் ஆண் பெண் கலப்பும் நுழைந்துவிட்டதைச் சாடினார். இப்னு தைமிய்யா (ரஹ்) இதை பித்அத் என்றே கூறினார். எனினும் நபியவர்கள் மீதான அன்பினால் செய்பவருக்கு அவருடைய எண்ணத்துக்காக நற்கூலி கிடைக்கக்கூடும் என்றும் எழுதினார். அவரை எடுத்துக்காட்டும் இரு தரப்பாரும் இவற்றுள் ஒரு பாதியை மட்டுமே சொல்வது வழக்கம்.

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஷாஃபிஈ இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 911) இதற்கு விடை எழுதினார். அவருடைய நேர்மை பாராட்டத்தக்கது. ஃபாகிஹானியின் நூலை முழுவதுமாகத் தம் நூலிலேயே எடுத்தெழுதிய பிறகே மறுத்தார். துக்கம் பற்றிய வாதத்துக்கு அவர் தந்த விடை: குழந்தை பிறந்தால் அகீகா கொடுக்க ஷரீஅத் ஏவுகிறது, மறைவுக்கு அப்படி எதையும் அறுக்க ஏவவில்லை, பொறுமையையே ஏவுகிறது. ஆகவே இம்மாதத்தில் பிறப்பின் மகிழ்ச்சியை வெளிப்படுத்துவதே பொருத்தம். அவருக்கு முந்தைய இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) வேறொரு ஆதாரம் காட்டியிருந்தார். மூஸா (அலை) அவர்கள் காப்பாற்றப்பட்டதற்கு நன்றியாக நோற்கப்பட்ட ஆஷூரா நோன்பை நபியவர்கள் ஏற்றார்கள் அல்லவா? ஓர் அருள் கிட்டிய நாள் ஆண்டுதோறும் திரும்பி வரும்போது நன்றி செலுத்தலாம் என்பதற்கு அது அடிப்படை என்றார். முதல் மூன்று தலைமுறைகளில் மவ்லிது இல்லை என்பதையும், அதில் நல்லவையும் தீயவையும் கலந்துள்ளன என்பதையும் அவரே அங்குக் கூறுகிறார்.

மறுப்போர் இதற்குச் சொல்வது: நபியவர்கள் தம் பிறந்த நாளை நோன்பால் சிறப்பித்தார்கள், அதுவும் ஆண்டுக்கொரு முறை அல்ல, வாரந்தோறும். அன்பின் வழி அதுவே. புதிதாக ஒன்று எதற்கு? ஒரே திங்கட்கிழமை ஹதீஸ் இரு தரப்புக்கும் ஆதாரமாகிறது. பிறந்த நாளைப் பொருட்படுத்தலாம் என்பதற்கு ஒரு சாராருக்கு. எவ்வாறு பொருட்படுத்த வேண்டும் என்பதற்கு மற்றொரு சாராருக்கு.

நாடுகளின் நடைமுறையும் இதற்கேற்பப் பிரிந்தது. மொராக்கோவில் 13ஆம் நூற்றாண்டிலேயே அரசு விழாவாயிற்று. முஸ்லிம்கள் கிறிஸ்தவப் பண்டிகைகளில் கலந்துகொள்வதைத் தடுக்க மாற்றாக இதைப் பரிந்துரைத்தவர்கள் ஸப்தா நகரத்து அஸஃபீ குடும்பத்து அறிஞர்கள். உஸ்மானிய அரசு 1588இல் அதிகாரப்பூர்வமாக ஏற்றது. மக்காவும் மதீனாவும் சவூதி ஆட்சியின் கீழ் வந்தபின் அங்குப் பொது விழாக்கள் நின்றன. ஈரானில் 1979 புரட்சிக்குப் பின் 12 முதல் 17 வரை ஒற்றுமை வாரமாக அறிவித்து, இரு தேதிகளையும் இணைத்துக்கொண்டார்கள். இந்தியாவில் மீலாது நபி 1990இல் வி.பி.சிங் ஆட்சியில் மத்திய அரசின் விடுமுறை நாளாயிற்று.

நம் தமிழகக் கடலோர ஊர்களிலோ, ஒரே நாள் என்ற வழக்கைவிடப் பிறை 1 முதல் 12 வரை பன்னிரண்டு இரவுகள் சுப்ஹான மவ்லிது ஓதும் வழக்கே பழமையானது. அறிஞர்கள் குறிப்பிட்ட 2, 8, 9, 10, 12 ஆகிய எல்லாப் பிறைகளும் அந்தப் பன்னிரண்டு இரவுகளுக்குள் அடங்கிவிடுகின்றன.