இரைப்பை பலூன்: வரலாறும் வரம்பும்

இரைப்பை பலூன் என்பது உடல் எடையைக் குறைக்க, வயிற்றைக் கீறாமல் எண்டோஸ்கோப் உதவியுடன் வாய்வழியே இரைப்பைக்குள் வைக்கப்படும் பை. இது இடத்தை அடைத்துக்கொண்டு, உணவு குடலுக்கு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் குறைவாக உண்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது.

தோற்றம்

விழுங்கிய முடி சிலரின் இரைப்பையில் பந்தாகத் திரண்டு நின்றுவிடும். அவர்களுக்குப் பசி குறைந்து எடையும் குறையும். இதைப் போன்ற ஒன்றைச் செயற்கையாக வைக்கலாம் என்று டென்மார்க் மருத்துவர்கள் நீபென், ஹார்போ இருவரும் 1982-ல் எழுதினர்.

முதல் தோல்வி

1985-ல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 'காரன்-எட்வர்ட்ஸ்' பலூனுக்கு அனுமதி அளித்தது. அது காற்று நிரப்பிய உருளை வடிவப் பை. அதன் விளிம்புகள் இரைப்பைச் சுவரை உரசிப் புண்ணாக்கின. சில பலூன்கள் தாமாகவே சுருங்கிக் குடலுக்கு இறங்கி அடைப்பை ஏற்படுத்தின. ஒரு சாராருக்குப் பலூனும், மறு சாராருக்குப் பலூன் வைத்ததுபோன்ற பாவனைச் சிகிச்சையும் அளித்து ஒப்பிட்டபோது, உணவுக்கட்டுப்பாட்டைவிடப் பலூனால் கூடுதல் பயன் இல்லை எனத் தெரிந்தது. 1988-ல் விற்பனை நின்றது.

இதற்கிடையே 1987-ல் ஃபுளோரிடாவின் டார்பன் ஸ்பிரிங்ஸ் நகரில் கூடிய வல்லுநர்கள், பலூன் வழவழப்பாகவும் உறுதியாகவும் இருக்கவேண்டும், காற்றுக்குப் பதில் திரவம் நிரப்பவேண்டும் என்று வரையறுத்தனர்.

இன்றைய பலூன்

பின்னர் வந்த சிலிகோன் பலூனில் 400 முதல் 700 மி.லி. வரை உப்புநீர் நிரப்பப்படுகிறது. அதில் நீலச் சாயமும் கலப்பதுண்டு. பலூன் கசிந்தால் சிறுநீர் பச்சை அல்லது நீல நிறமாகும். உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். முதல் சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் இயல்பு. ஆறு மாதத்தில் பலூனை அகற்றிவிட வேண்டும்.

இவ்வகையைச் சேர்ந்த 'ஆர்பெரா' 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் ஆய்வில், பலூனை அகற்றும்போது சராசரியாகச் சுமார் 10 கிலோ குறைந்திருந்தது. மேலும் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அதில் ஒரு கிலோ அளவு திரும்பியிருந்தது. பலூன் இல்லாமல் உணவு, உடற்பயிற்சியை மட்டும் பின்பற்றியவர்கள் சுமார் 3 கிலோ குறைந்திருந்தனர். பலூன் வெளியே வந்ததும் பசி பழையபடி திரும்பும். உணவுப்பழக்கம் மாறாவிட்டால் எடையும் திரும்பும்.

கொழுப்பு உறிஞ்சல்

லைபோசக்ஷன் எனப்படும் கொழுப்பு உறிஞ்சலை இதனுடன் ஒப்பிடலாம். பெரிய கீறல் இல்லை என்றாலும் அது அறுவை சிகிச்சையே. 2004-ல் சாமுவேல் கிளைன் குழுவினர், வயிற்றுப் பருமன் கொண்ட 15 பெண்களிடம் தலா ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பு அகற்றப்பட்டபின் அவர்களைப் பரிசோதித்தனர். இடை சிறுத்தது. ஆனால் பத்து வாரங்களுக்குப் பிறகும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு அளவுகள், இன்சுலினின் செயல்திறன் எதுவும் மேம்படவில்லை. உறிஞ்சுகுழல் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பை மட்டுமே எடுக்கிறது. குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கொழுப்பு அப்படியே இருக்கிறது. குறைவாக உண்ணும்போது உடல் அந்தக் கொழுப்பையும் எடுத்துச் செலவிடுகிறது. எனவே எடை இயந்திரத்தில் ஒரே 10 கிலோவாகத் தெரிந்தாலும், உடலுக்குக் கிடைக்கும் பயன் ஒன்றல்ல.