சிறு பல்பயனர் ஆட்டங்களுக்கான வழங்கிச் செலவு மதிப்பீடு

வழங்கிச் செலவு மதிப்பீடு என்பது, இணையவழியே பலர் சேர்ந்து ஆடும் ஒரு கணினி ஆட்டத்தை இயக்கும் வழங்கிக்கு மாதந்தோறும் ஆகும் செலவை முன்கூட்டியே கணக்கிடுவதாகும். ஆட்டத்தின் நிலையை மட்டும் கவனித்துக்கொண்டு, தனக்கென ஆட்டக்காரர் எவரும் இல்லாமல் இயங்கும் நிரல் தனி வழங்கி (டெடிகேட்டட் சர்வர்) எனப்படுகிறது. பத்துப் பேர் ஆடும் ஆட்டத்துக்கு முழுக் கணினி தேவையில்லை. பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினி ஒன்றே போதுமானது. இத்தகைய சிறு ஆட்டங்களின் செலவை ஆட்டக்காரர் எண்ணிக்கையை விட வழங்கி இயங்கும் நேரமே தீர்மானிக்கிறது.

## இடத்தேர்வு

விருத்தாசலத்தில் உள்ள 10 நண்பர்கள் நாள்தோறும் மாலை 4 மணிநேரம் ஆடுவதாகக் கொள்வோம். வீட்டுக் கணினியையே வழங்கியாக்கினால் வாடகை இல்லை. எனினும் பல இணையச் சேவைகள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிப்பதால், அக்கணினியை வெளியிலிருந்து அணுக இயலாமல் போகலாம். மின்தடை ஏற்பட்டால் அனைவரின் ஆட்டமும் நின்றுவிடும்.

வாடகை வழங்கி எங்குள்ளது என்பது ஆட்டத்தின் வேகத்தைப் பாதிக்கும். ஒளியிழையில் செய்தி 100 கிலோமீட்டர் சென்று திரும்ப ஏறத்தாழ 1 மில்லிநொடி ஆகிறது. விருத்தாசலத்திலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,100 கி.மீ., சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கி.மீ. எனவே குறைந்தபட்சத் தாமதம் முறையே 11, 29 மில்லிநொடிகள் ஆகும். வலையமைப்பு நேர்கோட்டில் செல்லாததால் உண்மைத் தாமதம் இதனினும் கூடுதலாகவே இருக்கும். அமேசான் நிறுவனத்தின் மும்பை வட்டாரம் 2016 முதல் செயல்படுகிறது.

## நேரமும் வாடகையும்

கணினியின் வாடகை மணிக்கு 2 சென்ட் எனக் கொண்டால், மாதம் முழுதும் (720 மணி) இயக்க 14.40 டாலர் ஆகும். ஆடும் நேரத்தில் மட்டும் (120 மணி) இயக்கினால் 2.40 டாலர் போதும். ஆனால் மொத்தச் செலவு ஆறில் ஒரு பங்காகக் குறைவதில்லை. அமேசான் நிறுவனம் பிப்ரவரி 2024 முதல் பொது ஐ.பி.வி.4 முகவரிக்கு மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது. முகவரி மாறாதிருக்க அதை ஒதுக்கி வைத்தால், கணினி நின்றிருக்கும்போதும் இக்கட்டணம் உண்டு. அது மாதத்துக்கு 3.60 டாலர் ஆகும். ஆகவே மொத்தம் 18 டாலரிலிருந்து 6 டாலராகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. இதனுடன் வட்டு வாடகையும் சேரும். சில நிறுவனங்களில் கணினியை நிறுத்தினாலும் முழு வாடகை தொடரும். அங்கு அதை அழித்தால்தான் கட்டணம் நிற்கும்.

## தரவுப் பரிமாற்றம்

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் மற்ற அனைவரின் நிலையும் அனுப்பப்படுவதால், தரவின் அளவு ஆட்டக்காரர் எண்ணிக்கையின் வர்க்கத்தை ஒட்டி வளர்கிறது. நொடிக்கு வெளியேறும் பைட்டுகளைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

```
B = N × U × (N × S + 28)
```

இதில் N ஆட்டக்காரர் எண்ணிக்கை, U நொடிக்கு அனுப்பும் முறைகள், S ஓர் ஆட்டக்காரரின் நிலையைக் குறிக்கும் பைட்டுகள். 28 என்பது ஒவ்வொரு பொதியின் ஐ.பி., யு.டி.பி. தலைப்புகளின் அளவு.

U = 20, S = 20 எனில், 10 பேருக்கு நொடிக்கு 45,600 பைட்டுகள் வெளியேறும். நாளுக்கு 4 மணி வீதம் 30 நாட்களுக்கு இது ஏறத்தாழ 20 கிகாபைட்டு. ஆட்டக்காரர் 40 ஆனால் 286 கிகாபைட்டாகிறது. எண்ணிக்கை 4 மடங்கானபோது தரவு 14 மடங்குக்கு மேல் உயர்வதைக் காணலாம்.

அமேசான் மாதம் 100 கிகாபைட்டு வெளியேற்றத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை. எனவே முதல் நிலையில் தரவுச் செலவு இல்லை. இரண்டாம் நிலையில் 186 கிகாபைட்டுக்குச் செலுத்த வேண்டும். எனினும் ஒவ்வொருவருக்கும் அருகிலுள்ள 10 பேரின் நிலையை மட்டும் அனுப்புமாறு நிரலை மாற்றினால், 40 பேருக்கும் 79 கிகாபைட்டே ஆகும்.

## விரிவாக்கம்

கணினியின் திறன் போதவில்லை என்பதை வழங்கியின் சுற்று நேரம் காட்டும். எடுத்துக்காட்டாக, 2024 வரை மைன்டெஸ்ட் எனப்பட்ட லுவாண்டி என்னும் கட்டற்ற ஆட்டத்தின் இயல்பு அமைப்புகளில் இரண்டு வருமாறு:

```
max_users = 15
dedicated_server_step = 0.09
```

ஆட்டத்தினுள் `/status` என்று தட்டச்சு செய்தால் `max lag` என்னும் மதிப்பு தெரியும். அது 0.09 நொடியை ஒட்டி இருந்தால் வழங்கி நலமாக உள்ளது. தொடர்ந்து அதைப் பன்மடங்கு மீறினால் செயலி திணறுகிறது என்று பொருள். அப்போது கூடுதல் கருவகங்கள் கொண்ட கணினிக்கு மாறுவதால் பெரும்பயன் இல்லை, ஏனெனில் ஆட்டத்தின் முதன்மைச் சுற்று ஒரே கருவகத்தில் இயங்குகிறது. விரைவான கருவகம் கொண்ட கணினியைத் தெரிவதோ, சுமையேற்றும் துணை நிரல்களை நீக்குவதோ பயன் தரும்.

ஆட்டக்காரர் பொருள்கள் தாவித் தாவி நகர்வதைக் கண்டும் வழங்கியில் சுற்று நேரம் இயல்பாக இருந்தால், குறை கணினியில் இல்லை, இணைப்பில் உள்ளது. அந்நிலையில் அதிக வாடகைக் கணினிக்கு மாறுவது வீண்செலவாகும்.