கட்டுப்பாடுள்ள வரிசை மாற்றங்கள்

ஒரு சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கும்போது கிடைக்கும் எல்லா அடுக்குகளையும் எண்ணாமல், சொல்லப்பட்ட ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவற்றை மட்டும் எண்ணுவது கட்டுப்பாடுள்ள வரிசை மாற்றம். நிபந்தனை ஏதும் இல்லையென்றால் ஒரே சூத்திரத்தில் வேலை முடிந்துவிடும். இரண்டு S அருகருகே வரக்கூடாது, அகராதி வரிசையில் இந்தச் சொல் எத்தனையாவது என்றெல்லாம் கேட்கத் தொடங்கியதும் சூத்திரம் மட்டும் போதாது. எதை முதலில் வைப்பது, எதைப் பிறகு வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பொறியியல் நுழைவுத் தேர்வுகளில் இந்தப் பாடத்திலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் இந்த யோசனையைத்தான் சோதிக்கின்றன. யோசனை பழையது. செய்யுளும் இசையும் அதற்கு முக்கியமான களங்கள்.

இரண்டாம் பாஸ்கரர் 1150-ல் எழுதிய லீலாவதியின் இறுதிப் பகுதிக்கு அங்கபாசம் என்று பெயர். இலக்கங்களை இடம் மாற்றி எண்கள் அமைப்பது பற்றிய பகுதி அது. 2, 2, 1, 1 ஆகிய நான்கு இலக்கங்களால் எத்தனை எண்கள் அமைக்கலாம் என்று அதில் ஒரு கேள்வி. நான்கும் வெவ்வேறாக இருந்தால் 24 எண்கள். இரண்டு 2-களைத் தமக்குள் மாற்றிக்கொண்டாலும் எண் மாறாது, 1-களுக்கும் அப்படியே. ஆகவே 24-ஐ 2-ஆல் இருமுறை வகுக்க, 6 கிடைக்கிறது. இன்றைய மாணவர் MISSISSIPPI-க்குச் செய்யும் வகுத்தலும் இதேதான்.

அதே பகுதியில் இதைவிட ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது. பூச்சியம் இல்லாத ஐந்து இலக்கங்களின் கூட்டுத்தொகை 13 என்றால் அத்தகைய எண்கள் எத்தனை? விடை 495. பதின்மூன்று புள்ளிகளை ஒரே வரிசையில் வைத்து, அவற்றுக்கு இடையிலுள்ள 12 இடைவெளிகளில் நான்கில் தடுப்பு வைத்தால் ஐந்து பகுதிகள் கிடைக்கும். 12-லிருந்து 4 இடைவெளிகளைத் தேர்ந்தெடுக்க 495 வழிகள். இந்த விதிக்குப் பாஸ்கரர் ஒரு வரம்பும் சொல்கிறார்: கூட்டுத்தொகை, இடங்களின் எண்ணிக்கையோடு 9 கூட்டி வரும் எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இங்கே அது 14. கூட்டுத்தொகையும் 14 ஆகிவிட்டால் ஒரு பகுதியில் 10 புள்ளிகள் விழ இடமுண்டு, ஆனால் 10 ஓர் இலக்கமே அல்ல. அப்போது 715 என்று வரும் விடையிலிருந்து அத்தகைய 5 அமைப்புகளைக் கழித்து 710 என்று சொல்ல வேண்டும். வழி எதுவரை செல்லும் என்பதை வழியோடு சேர்த்தே சொன்ன இந்தக் கவனம் இன்றைய கையேடுகள் பலவற்றில் இல்லை.

அகராதி வரிசைக் கேள்வியின் வேர் இசை நூலில் இருக்கிறது. தேவகிரியை ஆண்ட யாதவ மன்னன் சிங்கணனின் அவையில் 13-ஆம் நூற்றாண்டில் இருந்த சாரங்கதேவர், சங்கீத ரத்னாகரத்தில் சுரங்களின் அடுக்குகளை ஒரு திட்டமான வரிசையில் எழுதிக் காட்டினார். மூன்று சுரங்களுக்கு அந்த வரிசை ச-ரி-க, ரி-ச-க, ச-க-ரி, க-ச-ரி, ரி-க-ச, க-ரி-ச என்று போகும். ஏழு சுரங்களுக்கு 5040 அடுக்குகள் வரும். அவ்வளவையும் எழுதிப் பார்க்காமல் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட வேலை. வரிசை எண்ணைச் சொன்னால் அடுக்கைக் கண்டுபிடிப்பது நஷ்டம். அடுக்கைச் சொன்னால் வரிசை எண்ணைக் கண்டுபிடிப்பது உத்திஷ்டம். கண்டமேரு என்ற கட்டப்படத்தில் கற்களை வைத்து, கல் விழுந்த கட்டங்களின் எண்களைக் கூட்டினால் விடை வந்துவிடும்.

க-ரி-ச என்ற அடுக்கை எடுத்துக்கொள்வோம். கடைசி இடத்தில் ச நிற்கிறது. அதற்கு முன்பே க-வில் முடியும் இரண்டு அடுக்குகளும் ரி-யில் முடியும் இரண்டு அடுக்குகளும் கடந்து போயிருக்கும், ஆக 4. எஞ்சியவை ரி, க. இவற்றில் ரி பின்னால் வந்திருப்பதால், க பின்னால் வரும் ஓர் அடுக்கும் கடந்துவிட்டது. 4-ம் 1-ம் சேர்ந்து 5 அடுக்குகள் முன்னால் இருப்பதால் இது ஆறாவது. நுழைவுத் தேர்வில் சொல்லின் தரம் காணும் முறை இதுவே. சாரங்கதேவர் வலப்புறத்திலிருந்து தொடங்குகிறார், நாம் இடப்புறத்திலிருந்து தொடங்குகிறோம், முதன்மையான வேறுபாடு அதுதான். ஐரோப்பாவில் லெசான் 1888-ல் எழுதிய கட்டுரையும், கணிப்பொறிக்காக லேமர் 1960-ல் விளக்கிய குறியீடும் இதே கணக்கைத்தான் சொல்கின்றன.

கர்நாடக இசையின் 72 மேளங்களும் கட்டுப்பாடுள்ள எண்ணிக்கைதான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையில் இருந்த வேங்கடமகி, சதுர்தண்டிப் பிரகாசிகையில் இதை வகுத்தார். சட்சத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே நான்கு சுரத்தானங்கள். அவற்றில் இரண்டைத் தேர்ந்தால் கீழே உள்ளது ரிஷபம், மேலே உள்ளது காந்தாரம். இதற்கு 6 வழிகள், தைவத நிஷாதங்களுக்கு 6, மத்திமத்துக்கு 2, பெருக்கினால் 72.

ஐரோப்பாவில் இந்தச் சிந்தனைக்கு ஒற்றைச் செய்யுள் அடி ஒன்று தூண்டுதலாயிற்று. பெர்னார்ட் பௌஹூய்ஸ் என்ற இயேசு சபைத் துறவி கன்னி மரியாளைப் போற்றி எட்டுச் சொற்களில் ஒரு இலத்தீன் அடி எழுதினார். எட்டுச் சொற்களை 40320 விதமாக அடுக்கலாம். யாப்பு கெடாமல் அடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தால்? எரிசியஸ் புத்தேயனஸ் 1617-ல் வெளியிட்ட நூலில் 1022 அடுக்குகளை வரிசையாக எழுதினார். தாலமியின் விண்மீன் பட்டியலிலும் 1022 மீன்கள் என்பதால் அங்கே நிறுத்திக்கொண்டார். ஜான் வாலிஸ் 3096 என்றார். யாக்கோப் பெர்னூலியின் மறைவுக்குப் பின் 1713-ல் வெளிவந்த நூல் 3312 என்றது. கற்றவர்களே இப்படி வேறுபட்டதற்குப் பெருக்கலில் நேர்ந்த பிழை மட்டும் காரணமல்ல. எந்த அடுக்கு செல்லும், எது செல்லாது என்ற நிபந்தனையை ஒவ்வொருவரும் வெவ்வேறாக எடுத்துக்கொண்டதும் காரணம்.

இந்தியாவின் நுழைவுத் தேர்வுகளில் நிபந்தனை ஐயத்துக்கு இடமின்றித் தரப்படுகிறது. தடுமாற்றம் வருவது வேறிடத்தில். அகராதி வரிசைக் கேள்விகளில் 2005-ஆம் ஆண்டு ஏஐஇஇஇ தேர்வில் வந்த SACHIN எளியது. A, C, H, I, N ஆகிய ஒவ்வோர் எழுத்திலும் தொடங்கும் சொற்கள் 120. ஐந்துக்கும் சேர்த்து 600. S-இல் தொடங்குபவற்றுள் முதல் சொல்லே SACHIN என்பதால் தரம் 601. ஐஐடி 2007-இல் கேட்ட COCHIN-இல் C இருமுறை வருகிறது. முன்னால் இருக்கும் சொற்கள் 96.

2016-இல் ஜேஇஇ மெயினில் வந்த SMALL-ஐ முழுவதும் செய்து பார்க்கலாம். எழுத்துகளை அகர வரிசையில் எழுதினால் A, L, L, M, S. A-இல் தொடங்கினால் எஞ்சும் நான்கில் இரண்டு L இருப்பதால் 4!/2! = 12. L-இல் தொடங்கினால் ஒரு L செலவாகிவிட்டது. எஞ்சியவை A, L, M, S, நான்கும் வெவ்வேறு. ஆகவே 24. M-இல் தொடங்கினால் மீண்டும் இரண்டு L எஞ்சும், 12. இதுவரை 48. அடுத்து S முதலிடத்தில் நிற்க, SA என்று தொடங்குபவை 3!/2! = 3, SL என்று தொடங்குபவை 3! = 6. கூட்டினால் 57. SM-க்குப் பின் A, L, L என்று வருவதே முதல் அடுக்கு என்பதால் SMALL 58-ஆவது. இங்கே தவறுபவர்கள் 2!-ஆல் வகுப்பதை எல்லாப் படிகளிலும் ஒரேபோல் செய்துவிடுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் கையில் எஞ்சியிருக்கும் எழுத்துகளைத் தனியே எழுதிக்கொண்டால் எப்போது வகுக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு வகை, சில எழுத்துகள் அருகருகே வரக்கூடாது என்பது. ஐஐடி 2002-இல் BANANA என்ற சொல்லில் இரண்டு N-களும் அடுத்தடுத்து வராத அடுக்குகளைக் கேட்டது. மொத்தம் 60. N-கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே எழுத்தாகக் கொண்டால் 20. கழித்தால் 40. இந்த வழியைப் பழகிய மாணவர், 2008-இல் ஏஐஇஇஇ கேட்ட MISSISSIPPI-க்கும் அதையே செய்வார். எந்த இரண்டு S-களும் அடுத்தடுத்து வரக்கூடாது என்பது கேள்வி. மொத்தம் 34650, நான்கு S-களும் ஒன்றாக வருபவை 840, கழித்தால் 33810. இது தவறு.

தவறு என்பதைச் சிறிய சொல்லில் உடனே பார்க்கலாம். ஒரு M, மூன்று S. அடுக்குகள் நான்கே: MSSS, SMSS, SSMS, SSSM. மூன்று S-களும் ஒன்றாக இருப்பவை இரண்டு. கழித்தால் 2 என்று வரும். ஆனால் மிஞ்சும் SMSS, SSMS இரண்டிலும் SS இருக்கிறது; சரியான விடை 0. இரண்டே N-கள் இருந்தபோது அவை சேர்ந்திருக்கும் அல்லது பிரிந்திருக்கும், மூன்றாவது நிலை இல்லை. மூன்றோ நான்கோ இருந்தால் சில சேர்ந்தும் சில பிரிந்தும் இருக்கும் நிலைகள் வந்துவிடுகின்றன. அவற்றைக் கழித்தல் தொடுவதில்லை.

சரியான வழி, கட்டுப்பாடு இல்லாத எழுத்துகளை முதலில் நிறுத்துவது. M, நான்கு I, இரண்டு P ஆகிய ஏழையும் 7!/(4!2!) = 105 விதமாக அடுக்கலாம். அவற்றின் இடையிலும் இரு ஓரங்களிலுமாக 8 இடைவெளிகள். அவற்றில் நான்கைத் தேர்ந்து ஒவ்வொன்றிலும் ஒரு S வைக்க 70 வழிகள். விடை 7350. தவறான விடையைவிட நான்கு மடங்குக்கும் மேல் சிறியது. மாதிரித் தேர்வுகளில் இரண்டு எண்களும் தெரிவுகளில் இருந்தால் மாணவர் தன் தவற்றை உணர வழியே இருக்காது. அதனால்தான் சிறிய சொல்லில் சோதிக்கும் பழக்கம் வேண்டும்.

இடைவெளி முறைக்கும் எல்லை உண்டு. கட்டுப்பாடு ஓர் எழுத்தின் மீது இருக்கும்வரை அது நேராக வேலை செய்யும். இரண்டு எழுத்துகள் மீது ஒரே நேரத்தில் வந்தால் கூட்டியும் கழித்தும் போக வேண்டும். பாஸ்கரரின் 2, 2, 1, 1-ஐயே எடுத்து, ஒரே இலக்கம் அடுத்தடுத்து வரக்கூடாது என்று சொல்லிப் பார்க்கலாம். மொத்தம் 6. 2-கள் ஒட்டியிருப்பவை 3, 1-கள் ஒட்டியிருப்பவை 3. இரண்டையும் கழித்தால் பூச்சியம் வரும். ஆனால் 2211, 1122 ஆகிய இரண்டும் இருமுறை கழிபட்டுவிட்டன. அவற்றைத் திரும்பக் கூட்டினால் 2. அவை 2121, 1212.

எந்தப் பொருளும் தன் சொந்த இடத்தில் இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கும் இப்படிக் கூட்டிக் கழிக்கும் வழியே உதவுகிறது. சீட்டாட்டம் ஒன்றை முன்னிட்டு மோன்மோர் 1708-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கேள்வி எழுந்தது. 2014-இல் ஜேஇஇ அட்வான்ஸ்டு அதை ஆறு அட்டைகள், ஆறு உறைகள் என்று கேட்டது: எந்த அட்டையும் தன் எண்ணுள்ள உறையில் இருக்கக்கூடாது, முதல் அட்டை இரண்டாம் உறையில்தான் இருக்க வேண்டும். முதல் நிபந்தனைக்கு மட்டும் 265 வழிகள். அவற்றில் முதல் அட்டை மற்ற ஐந்து உறைகளில் எதிலும் இருக்கலாம். ஐந்துக்கும் சம பங்கு. ஆகவே இரண்டாம் உறைக்கு 53.