காசும் கல்வெட்டும்: சோழர் பொருளியலுக்குத் திருவாலங்காடு தரும் சான்று

சோழப் பேரரசின் வரவு செலவு ஏடுகள் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. ஓலையில் எழுதியதைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியிருப்பவை கோயில் சுவர்களில் வெட்டிய ஆவணங்களும், சில செப்பேடுகளும், மண்ணிலிருந்து வெளிப்படும் காசுகளும்தான். அரசு எவ்வளவு வரி தண்டியது, அதை எதில் தண்டியது, ஊரில் பணம் புழங்கியதா என்ற கேள்விகளுக்கு இவற்றிலிருந்தே விடை தேட வேண்டியிருக்கிறது. ஹுல்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி வரிசையைத் தொடங்கிய பிறகு இந்தத் தேடல் முறையாக நடக்கத் தொடங்கியது. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு அதை விரிவாக்கியது. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஒவ்வொரு வரிப் பெயரும் எந்த மண்டலத்தில், எந்தக் காலத்தில், எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்கும் வழியைத் திறந்தார்கள்.

இவ்வகைச் சான்றுகளை எப்படிப் படிப்பது என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. திருவாலங்காட்டுக் கோயிலில் 1905இல் கிடைத்த செப்பேடுகள் அவை. மொத்தம் 31 ஏடுகள். அவற்றைக் கோத்த வளையத்தின் முத்திரையில் புலியும் இரட்டை மீனும் வில்லும் பொறித்திருக்கின்றன. சோழர் காசுகளிலும் இதே சின்னங்கள் வருகின்றன. ஆணையை உறுதிசெய்த முத்திரையும் காசு அடித்த முத்திரையும் ஒரே அரசுடையவை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1018 அளவில், பழையனூர் என்னும் ஊர் திருவாலங்காட்டு இறைவனுக்கு ஒப்படைக்கப்பட்டது. அதுவரை பிரமதேயமாக இருந்த ஊர் இனி வெள்ளான்வகையாகி, தன் வரியைக் கோயிலுக்குச் செலுத்த வேண்டும் என்பது ஆணை. மன்னன் வாய்மொழியாகச் சொன்னதை ஓலை எழுதுவோர் எழுதினார்கள், ஓலைநாயகங்கள் சரிபார்த்தார்கள், வரித்துறையினர் கணக்கில் ஏற்றினார்கள். பிறகு ஊர் எல்லையைப் பெண் யானை நடத்திச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். இத்தனை கைகள் மாறியதைச் செப்பேடே வரிசையாகச் சொல்கிறது. இவ்வளவு படிகளைக் கடந்து பதிவான தொகை வெறும் புகழ்ச்சி எண்ணாக இருக்க வாய்ப்பில்லை.

தொகை இதுதான்: ஆண்டுதோறும் 3,288 கலத்துக்குச் சற்று மேல் நெல், அதோடு 193 கழஞ்சுக்குச் சற்று மேல் பொன். கழஞ்சு ஏறத்தாழ 5 கிராமுக்குச் சற்று அதிகம் என்று கொண்டால், ஓர் ஊர் ஆண்டுக்கு ஒரு கிலோ அளவுக்குப் பொன் கொடுக்க வேண்டியிருந்தது.

நெல்லும் பொன்னும் வெவ்வேறு அலகில் இருப்பதால், எது பெரிய பங்கு என்று அறிய இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் உதவுகின்றன. அங்கே ஒரு காசு அரைக் கழஞ்சுப் பொன்னுக்குச் சமம், ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல். இந்த விலை நம்பத்தக்கதா என்று சோதிக்கவும் அங்கேயே ஒரு வழி இருக்கிறது. முதலாகக் கொடுத்த ஒவ்வொரு காசுக்கும் ஆண்டு வட்டி, பணமாகக் கட்டினால் அரைக்கால் காசு, நெல்லாகக் கட்டினால் மூன்று குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்பதால் இரண்டு கலம் இருபத்து நான்கு குறுணி. அதில் மூன்று குறுணி எட்டில் ஒரு பங்கு. இரு கணக்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இப்போது பழையனூருக்கு வரலாம். 193 கழஞ்சு 386 காசு ஆகும். அது 772 கலம் நெல்லின் விலை. மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பொன், மீதி நெல். தஞ்சை விலை தொண்டை நாட்டிலும் அப்படியே நிலவியது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இங்கே நெல் மலிவாக இருந்திருந்தால் பொன்னின் பங்கு கூடும், விலை உயர்ந்திருந்தால் குறையும். விலை இருமடங்கு மாறினாலும் நெல்லே பெரும்பங்கு என்பது மாறாது. கட்டுரை எழுதும் மாணவர் ஐந்தில் ஒரு பங்கு என்று துல்லியமாக எழுதுவதைவிட, நெல்லே முதன்மை, பொன்னும் புறக்கணிக்க முடியாத அளவு என்று எழுதுவதே நேர்மையானது.

பொன் வயலில் விளைவதில்லை. ஆண்டுதோறும் அதைச் செலுத்த ஊரார் எதையாவது விற்றாக வேண்டும். ஆகவே இந்த ஒரு வரியே பழையனூருக்கு எட்டும் தொலைவில் சந்தை இருந்ததை உணர்த்துகிறது. ஆனால் கணக்கில் பொன் என்று எழுதிவிட்டு, அதன் மதிப்புக்கு வேறு பொருளை வாங்கிக்கொள்வதும் நடக்கக்கூடியதே. எது நடந்தது என்று செப்பேடு மட்டும் சொல்லாது.

இங்கேதான் காசுகளைக் கேட்க வேண்டும். அவை தரும் விடை முதலில் குழப்புகிறது. கல்வெட்டுகள் திரும்பத் திரும்பப் பொன்னையே பேச, மண்ணில் பெருந்தொகையாகக் கிடைப்பவையோ செப்புக் காசுகள். ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும், அருகில் நாகரி எழுத்தில் இராசராசன் பெயரும் கொண்ட அக்காசுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளம். பொற்காசுகளோ அரிது. பொன் புழங்கவே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. பொன்னை உருக்கி அணியாக்கலாம், அடுத்த அரசன் மீண்டும் காசாக அடிக்கலாம். கீழே விழுந்த செப்புக் காசைத் தேடாமல் போகிறவர் உண்டு, பொற்காசைத் தேடாமல் போகிறவர் இல்லை. கண்டெடுப்பின் எண்ணிக்கை, காசு எவ்வளவு தொலைந்தது என்பதைக் காட்டுகிறதே தவிர, எவ்வளவு புழங்கியது என்பதை நேராகக் காட்டுவதில்லை.

கல்வெட்டுகளுக்கும் ஒரு சாய்வு உண்டு. கோயிலுக்கு வந்த கொடை, கோயில் கொடுத்த கடன், கோயில் நிலம் ஆகியவையே கல்லில் ஏறின. வயலில் வேலை செய்த ஆளுக்கு அன்றைய கூலி என்ன, சந்தையில் ஒருவர் உப்புக்கு என்ன கொடுத்தார் என்பவற்றைக் கல்லில் வெட்டிவைக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. அந்தச் சிறு புழக்கத்தின் தடயம் செப்புக் காசுதான். பெருந்தொகைக்குப் பொன்னும் நெல்லும், அன்றாடத்துக்குச் செம்பும் என்ற சித்திரம் இரு சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் கிடைக்கிறது.

மாணவர்கள் அதிகமாக வழுக்கும் இடம் காசு என்ற சொல். இராசராசன் காலத் தஞ்சையில் இரண்டு காசு ஒரு கழஞ்சுப் பொன். 13ஆம் நூற்றாண்டு நில விற்பனை ஆவணங்களிலோ சிறு துண்டு நிலத்துக்கும் ஆயிரக்கணக்கில் காசு கொடுக்கிறார்கள். நில விலை அத்தனை மடங்கு ஏறிவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. காசின் மதிப்பே இறங்கியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க, அதே காலத்து ஆவணத்தில் காசுக்கு எவ்வளவு நெல் அல்லது பொன் என்று தேட வேண்டும். அது கிடைக்காத எண்ணை வேறு நூற்றாண்டின் எண்ணோடு ஒப்பிடாமல் விடுவதே முறை.

மதிப்பு இப்படி நழுவிய காலத்தில், கொடை கொடுத்தவர்கள் எந்தக் காசு என்று பெயர் சொல்லிக் குறித்தார்கள். தொண்டை நாட்டுக் கல்வெட்டுகளில் புஜபல மாடை, கண்டகோபாலன் மாடை என்ற பெயர்கள் வருகின்றன. கண்டகோபாலன் என்பது நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குச் சோடர் தாங்கிய பெயர். திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே நெல்லூர், தென்மேற்கே காஞ்சிபுரம். சோழ அரசு தளர்ந்த நாளில் இப்பகுதியில் யாருடைய பொன்னை மக்கள் நம்பினார்கள் என்பதை மாடையின் பெயரே காட்டிக்கொடுக்கிறது. போர்ச் செய்தி எதையும் சொல்லாத ஒரு விளக்குக் கொடைக் கல்வெட்டுகூட இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கக்கூடும்.